வீட்டின் நடுத்தூண்

ஜப்பானியக் கிராம வீடுகளின் மத்தியில் கூரையின் பாரத்தைத் தாங்கி நிற்கும் பருத்த மரத்தூணுக்குத் 'தைகொகுபஷிரா' என்று பெயர். சம்பாதித்துக் குடும்பத்தைக் காக்கும் ஆண்மகனையும் அந்நாட்டார் அதே பெயரால் அழைக்கிறார்கள். பலவகை ஆண்மைகளுள் ஒன்றையே உத்தமமென்று சமூகம் உயர்த்திப் பிடிக்க, அதை எட்டாதவனும் அதைக் கொண்டே தன்னை அளந்துகொள்ளும் நிலையை, ஆஸ்திரேலிய அறிஞர் ரேவின் கானெல் ஆதிக்க ஆண்மை என்று குறித்தார். யுத்தத்துக்குப் பின் ஜப்பானில் அது இந்தத் தூணின் ரூபத்திலேயே நிலைபெற்றது.

இவ்வேற்பாட்டின் குணத்தை மறைப்பது நியாயமாகாது. 1946-இல் மின்சாரத் தொழிலாளர் போராடிப் பெற்ற சம்பள முறை, வயதையும் வீட்டில் உண்பவர்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுச் சம்பளத்தை நிர்ணயித்தது. பட்டினியில் கிடந்த குடும்பங்களுக்கு அது அபயமாக இருந்தது. ஆனால் அதே கணக்கு, ஆணின் முழு நாளையும் தொழிலுக்குக் கிரயம் செய்துகொடுத்தது. மனைவியின் வருவாய் ஒரு வரம்புக்குள் அடங்கியிருந்தால் கணவனுக்கு வரிச்சலுகை என்று 1961-இல் வந்த விதி, இரண்டாவது தூண் எழாதபடியும் பார்த்துக்கொண்டது.

மிகுந்த உழைப்பால் மூளையிலோ இருதயத்திலோ நேரும் மரணத்துக்குக் 'கரோஷி' என்று அங்கே பெயர். 2001-இல் அரசாங்கம் வகுத்த அளவுகோல், பல மாதங்கள் தொடர்ந்து மாதத்துக்கு 80 மணி நேரம் மிகைவேலை செய்தவனின் இத்தகைய மரணத்துக்கும் அவன் வேலைக்கும் வலுவான சம்பந்தம் உண்டென்கிறது. மாதத்துக்கு இருபது வேலைநாள் என்று கொண்டால், எட்டு மணி நேர வேலைக்கு மேல் தினமும் நான்கு மணி; சாப்பாட்டு இடைவேளையையும் ரயில் பயணத்தையும் குளியல், உணவு முதலிய அன்றாடக் காரியங்களையும் கூட்டினால், அவனுக்குத் தூங்க மிஞ்சுவது ஆறு மணி நேரந்தான். மார்பு வலித்தாலும் அவன் விடுப்புக் கேட்பதில்லை. தளர்ச்சியைச் சொல்வது தூண் விரிசல் விடுவதற்கு ஒப்பாகுமே! 1988-இல் வக்கீல்கள் கரோஷிக்கென்று தொலைபேசி வழியே ஆலோசனை சொல்லத் தொடங்கியபோது, உழைத்தவர்களைவிட அவர்களுடைய மனைவிமாரே அதிகமாக அழைத்தார்கள் என்பது இங்கே ஆழ்ந்து எண்ணத்தக்கது.

வேலை இருந்தபோது உடலைத் தின்ற இந்த எதிர்பார்ப்பு, வேலை போனபோது உயிரையே கேட்டது. 1997 நவம்பரில் நூறாண்டு கண்ட யமாஇச்சி பங்கு வர்த்தக நிறுவனம் மூடப்பட்டபோது, ஊழியர்மேல் பிழையில்லை என்று அதன் தலைவர் பத்திரிகையாளர் முன் கண்ணீர் விட்டார். பல்லாயிரம் ஆண்களோ வீட்டாரிடம்கூட அழ அறியாதவர்கள். 1997-இல் 24,391 ஆக இருந்த தற்கொலைகள், மறு வருஷம் 32,863 ஆயின. இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள், நடுவயதினரே இந்த உயர்வில் மிகுதி. பொருளாதார நெருக்கடி காரணமென்பது மெய்யே. எனினும், சம்பளத்தையே தன் முழு மதிப்பாக எண்ணும்படி ஓர் ஆணை வளர்த்ததும் அதற்குச் சமமான காரணம் என்பது என் முடிவு.

அந்த எண்ணிக்கை மீண்டும் முப்பதினாயிரத்துக்குக் கீழே இறங்கியது 2012-இல்தான்.