வினாவும் குரலோசையும்

வினா வாக்கியத்தின் இறுதியிற் குரல் உயரும் என்பது ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் வகுப்புக்களிற் பெரிதும் வழங்கும் விதி. இவ்விதி பாதியே உண்மையாகும். லிலியஸ் ஆம்ஸ்ட்றோங், ஐடா வார்ட் என்னும் இருவரும் 1926-இல் வெளியிட்ட ஆங்கிலக் குரலோசைக் கைந்நூல் இதனைத் தெளிவாகவே வகுத்துள்ளது. ஆம், இல்லை என விடை வேண்டும் வினா ஏறி முடியும். யார், எங்கே என்பன போன்ற வினாச்சொல் முன்னிற்கும் வினா, செய்தி வாக்கியம் போல இறங்கி முடியும். வினாவென்பதைச் சொல்லே உணர்த்திவிட்டவிடத்துக் குரல் அப்பணியைச் செய்யவேண்டுவதில்லை. நூலோர் வகுத்ததைப் பாதியாகக் குறைத்த பிழை வகுப்பறையினதே.

தமிழில் இந்நியாயம் இன்னும் விளக்கமாகத் தோன்றும். ஆ, ஏ, ஓ என்பவற்றைத் தொல்காப்பியம் வினாவெழுத்தெனக் கொண்டது. ‘கந்தன் நேற்று வந்தானா’ என்பதைக் குரல் தாழ்த்திச் சொல்லினும் அது வினாவே. ஆகாரம் இன்றி, ‘கந்தன் வந்திட்டான்?’ என வியந்து கேட்குமிடத்திலேயே குரலேற்றம் இன்றியமையாததாகின்றது. அதனை நீக்கினால் எஞ்சுவது வெறுஞ் செய்தி.

ஐயம் எச்சொல்லின் மீது என்பதையும் தமிழில் அவ்வாகாரமே காட்டும். ‘கந்தனா நேற்று வந்தான்?’ என்றால் ஐயம் ஆளைப்பற்றியது. ‘கந்தன் நேற்றா வந்தான்?’ என்றால் நாளைப்பற்றியது. ஆங்கிலத்திலோ ‘டிட் ஜோன் கம் யெஸ்ரடே?’ என்னும் சொற்கள் இடம்பெயராமல் நிற்கக் குரலே பெயர்கின்றது. ஐயம் ஜோனைப் பற்றியதாயின், குரல் ‘ஜோன்’ என்னுமிடத்தே தாழ்ந்து தொடங்கி, இடையில் வேறெச்சொல்லையும் எடுத்துக்காட்டாது, வாக்கிய முடிவுவரை ஏறிச்செல்லும். இறுதியில் மட்டும் உயர்த்தவேண்டுமென விதி கற்ற மாணாக்கன் ‘யெஸ்ரடே’ என்பதில் ஏற்றத்தைத் தொடங்குவான். கேட்போர் அவன் நாளைப்பற்றி வினவினான் என்று கொள்வர். உச்சரிப்பில் ஓரெழுத்தும் பிழையாதிருக்கவும் கருத்துப் பிழைத்துவிடும்.

இனி, தொடரெல்லை. தமிழ்ப் பேச்சிற் சொற்றொடர் ஒவ்வொன்றும் பெரும்பாலும் தாழ்ந்து தொடங்கித் தன் முடிவை நோக்கி ஏறும். ஈற்றுத்தொடர் மட்டும் இறங்கும். ‘பெரிய வீட்டு வாசல்’ என்பதில் ‘பெரிய வீட்டு’ என்பது ஒரே ஏற்றமாய் அமைந்தால் பெரியது வீடு. ‘பெரிய’ என்பது தனியே ஏறி, ‘வீட்டு வாசல்’ புதிதாய்த் தாழ்ந்து தொடங்கினால் பெரியது வாசல். எழுத்து இவ்வேற்றுமையைக் காட்டாது. விரைந்து பேசுவோர் வாயில் இவ்வெல்லை மறைதலும் உண்டு; அப்போது இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும்.

இவ்வேற்றத்தாழ்வை அளக்க முயன்ற டானியல் ஜோன்ஸ், 1909-இல், கிராமபோன் தட்டின் ஊசியை இடையிடையே தூக்கி, இறுதியாகக் கேட்ட சுருதியைக் குறித்துக் கோடு வரைந்தார். இக்காலத்துக் கணினி அதனைக் கணப்பொழுதில் வரையும். எனினும் அக்கோட்டை அவ்வாறே நம்பலாகாது. ‘வீட்டு’ என்பதன் இரட்டித்த டகரத்திற் குரல்நாண் அதிர்வு நின்றுவிடுதலால் அங்கே கோடு அறும். அவ்வறுதியைத் தொடரெல்லையென மயங்குவோர் உளர். மேற்காட்டிய இரு பொருளிலும் அவ்விடைவெளி ஒன்றுபோலவே இருத்தலைக் காண்போர்க்கு அம்மயக்கம் நீங்கும்.