எட்டு வரி, ஒரே வாக்கியம்

ராபர்ட் ஃப்ராஸ்டின் 'டஸ்ட் ஆஃப் ஸ்நோ' சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் வரும் எட்டு வரிக் கவிதை. 1923-ல் வெளியான 'நியூ ஹாம்ப்ஷயர்' தொகுப்பில் இருக்கிறது. ஹெம்லாக் மரத்திலிருந்து ஒரு காகம் பனித்துகளை ஒருவன் மேல் உதிர்க்கிறது. அவன் மனநிலை மாறுகிறது. வருந்தியே கழித்த நாளில் கொஞ்சம் தப்பிக்கிறது. அவ்வளவுதான். பரீட்சையில் இதற்கு வழக்கமாக நாலு கேள்வி: மையக்கருத்து, ரைம் ஸ்கீம், படிமம், கவிஞரின் செய்தி. நாலுக்கும் கைடில் பதில் ரெடி. பசங்க அதை மனப்பாடம் செய்கிறார்கள் என்பதல்ல என் புகார். அந்தப் பதில்கள் கவிதைக்கு எதிராகவே இருக்கின்றன என்பதுதான்.

முதலில் படிமம். பாடநூலின் அருஞ்சொற்பொருள், ஹெம்லாக் என்றால் சிறிய வெள்ளைப் பூக்கள் கொண்ட விஷ மரம் என்கிறது. அடுத்து, காகமும் ஹெம்லாக்கும் குறிப்பது மகிழ்ச்சியையா, துயரத்தையா என்று கேட்கிறது. விஷம் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பிள்ளைகள் வேறென்ன எழுதுவார்கள்?

ஆங்கிலத்தில் ஹெம்லாக் என்ற பெயர் இரண்டு தாவரங்களுக்கு உண்டு. சாக்ரடீஸ் குடித்ததாகச் சொல்லப்படும் நஞ்சு, வெள்ளைப் பூ பூக்கும் ஒரு செடி. கேரட்டின் சொந்தக்காரச் செடி, மரமே அல்ல. ஃப்ராஸ்ட் வாழ்ந்த நியூ இங்கிலாந்தின் ஹெம்லாக், ஊசியிலை மரம். குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது, விஷமும் கிடையாது. கிளைகள் நிறைய பனியைத் தாங்கி நிற்கும். காகம் அசைந்தால் கொட்டுவதற்குப் பனி அங்கேதான் இருக்கும்.

காகமும் அப்படித்தான். 'அபசகுனம்' என்று கைடு சொல்வதை நம்மூர்ப் பிள்ளையும் அப்படியே எழுதுகிறது. காக்கா கத்தினால் விருந்தாளி வருவாங்க என்று சொல்லும் வீட்டில் வளர்ந்த பிள்ளை அது! காகம் கரைந்து விருந்து வரும் என்பதைப் பாடியே பெயர் பெற்ற காக்கைபாடினியார் நம் சங்கப் புலவர்.

அப்படியானால் என்ன எழுதலாம்? கண்ணுக்குத் தெரிவதை எழுதலாம். கவிதையில் ஒரு நிறப்பெயர்கூட இல்லை. ஆனால் கறுப்புப் பறவை, கரும்பச்சை மரம், வெண்பனி என்று நிறம் நமக்குத் தெரிகிறது. இருண்ட இரண்டிலிருந்து வெள்ளை உதிர்கிறது. இருண்ட நாளில் நடப்பதும் அதுதான். இதைச் சொல்ல விஷம் தேவையில்லை.

அடுத்து ரைம் ஸ்கீம். நம் இலக்கணத்தில் இதற்கு நெருக்கமானது அடியின் கடைசியில் வரும் இயைபு, எதுகை அல்ல. இங்கே ஏபிஏபி, சிடிசிடி. சில பேர் தடுமாறும் இடம் 'மூட்', 'ரூட்' என்ற இரண்டு சொற்கள். எழுத்து வேறு, ஒலி ஒன்று. ரைமைக் காதால் பார்க்க வேண்டும், ஸ்பெல்லிங்கால் அல்ல.

எழுத்துகளைப் போட்டதும் பதில் முடிந்துவிடுகிறது. ஆனால் சுவாரசியமே அதன் பிறகுதான். ஒலியைக் கேட்டால் கவிதை இரண்டாக உடைகிறது. முதல் பத்தியின் ஒலிகள் இரண்டாவதில் இல்லை. வாக்கியத்தைப் பார்த்தால் எட்டு வரியும் ஒன்றே ஒன்று. முதல் நாலு வரி முழுக்க எழுவாய். காகம் பனியை உதிர்த்த விதம்... என்று நிற்கிறது, பயனிலை வரவில்லை. பத்தி தாண்டிய பிறகுதான் அது என்ன செய்தது என்று தெரிகிறது. காத்திருந்து பத்தியைத் தாண்டும்போது ஒலி மாறுகிறது, மனசும் மாறுகிறது. ஒரே மூச்சில் ஒரு மாற்றம். விடைத்தாளில் எழுத இரண்டு வரி போதும்: 'ஏபிஏபி, சிடிசிடி. இரண்டாம் பத்தியில் ரைம் மாறும் இடத்திலேயே மனநிலையும் மாறுகிறது.'

கடைசியாக, செய்தி. 'இயற்கை எல்லாத் துன்பத்தையும் ஆற்றும்' என்பது கைடு பதில். கவிதை அப்படிச் சொல்லவில்லை. நாளின் ஒரு பகுதிதான் தப்பியது என்கிறது. மீதி போனது போனதுதான். எதற்காக அந்த வருத்தம் என்றும் சொல்லவில்லை, அது தீர்ந்தது என்றும் சொல்லவில்லை. காகமும் அவனுக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. எங்கோ உட்கார்ந்து அசைந்தது, பனி விழுந்தது.

மையக்கருத்துக் கேள்விக்கும் இதே அளவில் எழுதினால் சரியாக இருக்கும்: தற்செயலாக நடந்த ஒரு சின்ன விஷயம், கெட்டுப்போன ஒரு நாளில் கொஞ்சத்தை மீட்டுக் கொடுக்கிறது. 'கொஞ்சம்' என்ற சொல்லை விட்டுவிட்டால் அது ஃப்ராஸ்டின் கவிதை அல்ல, காலண்டர் பொன்மொழி. படிமம், ரைம், செய்தி மூன்றுக்கும் பதில் எழுதியபின் அவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றும் அந்த ஒரு சின்ன மாற்றத்தையே காட்டினால், கவிதையை வாசித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒன்று விஷத்தையும் இன்னொன்று எல்லாத் துன்பத்தையும் பேசினால், கைடை வாசித்திருக்கிறீர்கள்.