நடக்காததைச் சொல்லும் 'லவ்'

அரபியில் 'இன் தரஸ நஜஹ' என்றால் 'படித்தால் தேறுவான்'. 'லவ் தரஸ லநஜஹ' என்றால் 'படித்திருந்தால் தேறியிருப்பான்'; அவன் படிக்கவுமில்லை, தேறவுமில்லை. இரண்டிலும் வினைகள் அதே இறந்தகால வடிவங்கள்தாம். நடக்கக்கூடியதை நடக்காததாக மாற்றுவது முன்னால் நிற்கும் 'லவ்'. பதில் வினையின் தலையில் ஒட்டிய 'ல' என்னும் லாம், விளைவு எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறது.

பதில் எதிர்மறையானால் 'மா' வரும். அப்போது லாம் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். 'லவ் தரஸ மா ரஸப': படித்திருந்தால் தோற்றிருக்க மாட்டான்.

'ஒன்று மட்டும் இல்லையென்றால்' என்று சொல்லும் 'லவ்லா'வின் அழகு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. 'லவ்லத் தபீபு லமாதல் மரீளு': மருத்துவர் மட்டும் இல்லையென்றால் நோயாளி இறந்திருப்பார். இந்த நிபந்தனைப் பொருளில் 'லவ்லா'வை அடுத்து வருவது வினையல்ல, எழுவாய் வேற்றுமைப் பெயர். அதனால்தான் 'தபீபு' என்ற உகர ஈறு. 'இருக்கிறார்' என்ற பயனிலையை இலக்கணம் மறைத்தே வைக்கிறது.

மருத்துவர் இருந்தார், மரணம் நிகழவில்லை. ஆகவே இலக்கணிகள் 'லவ்லா'வை 'ஒன்று இருப்பதால் மற்றொன்று தடைபடுவது' என்றும், 'லவ்'வை 'ஒன்று தடைபட்டதால் மற்றொன்று தடைபடுவது' என்றும் வரையறுத்தார்கள்.

வாசிக்கும்போது 'லவ்லா'வுக்குப் பின் நிகழ்கால வினை வந்தால் கவனியுங்கள்: அது நிபந்தனையல்ல, 'செய்யக்கூடாதா!' என்ற தூண்டுதல்.