டிரெயினுக்குள் ஒளிந்திருந்த தீ

‘டிரெயின்’, ‘ஹாம்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று தண்டவாளத்தில் ஓடுவது. மற்றொன்று உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை. பொருளால் இரண்டுக்கும் உறவில்லை, ஓசையாலும் இல்லை. ஆனால் சீன மொழியில் ரயிலுக்கு ‘ஹுவோச்சே’ என்று பெயர். அந்த இறைச்சிக்கு ‘ஹுவோதுயி’. முதலது தீ வண்டி, இரண்டாவது தீக்கால். இரண்டும் ஒரே சித்திர எழுத்தில் தொடங்குகின்றன. மனித உருவம் போன்ற இரண்டு கோடுகள், அதன் இருபுறமும் பொறி பறப்பதுபோல் இரண்டு சிறு தீற்றல்கள். தீயைக் குறிக்கும் எழுத்து அது. ஆங்கிலச் சோடியின் அடியில் அந்தத் தீ ஓசையின்றி எரிந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சோடியைத் தேடிப் பிடித்தவர்கள் வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோம் தியரி, யான் ஜிங் வூ. 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இருமொழி அறிந்த ஒருவர் ஒரு மொழியில் படிக்கும்போது மற்ற மொழி உள்ளே உறங்குகிறதா, விழித்திருக்கிறதா? இதைச் சோதிக்க விரும்பியவர்கள் பெரும்பாலும் இரண்டு மொழிகளையும் மேடையேற்றிவிட்டார்கள். ஒரு மொழிச் சொல்லைக் கண்ணிமைக்கும் நேரம் காட்டி, அதன் மொழிபெயர்ப்பை அடுத்து காட்டினார்கள். அல்லது இரு மொழிக்கும் பொதுவான சொற்களைக் கையாண்டார்கள். முதற்சொல் அடுத்த சொல்லை எளிதாக்கும் இந்த விளைவுக்கு முன்தூண்டல் என்று பெயர். அது கிடைத்தது, கூடவே ஓர் ஐயமும் எழுந்தது. மற்ற மொழியைத் தட்டி எழுப்பியது சோதனைதானோ? தியரியும் வூவும் இதற்குக் கண்ட வழியில்தான் எத்தனை நளினம்! சோதனை முழுக்க ஒரு சீன எழுத்துகூடத் திரையில் வரவில்லை. பங்கேற்றவர்கள் சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, பிற்பாடு ஆங்கிலம் கற்றுத் தேர்ந்தவர்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று: இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் பொருளால் தொடர்புடையவையா, இல்லையா?

அந்தச் சோடிகளை அடுக்கிய விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தறியில் பாவும் ஊடும் போல இரண்டு இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டியிருக்கிறார்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியும் பொருள் உறவு; மற்றொன்று சீனத்துக்குள் மறைந்த எழுத்து உறவு. ‘போஸ்ட்’, ‘மெயில்’ சோடியில் இரண்டு உறவும் உண்டு. ‘வைஃப்’, ‘ஹஸ்பெண்ட்’ சோடியில் பொருள் உறவு மட்டும். ‘டிரெயின்’, ‘ஹாம்’ சோடியில் மறைந்த உறவு மட்டும். ‘ஆப்பிள்’, ‘டேபிள்’ சோடியில் எதுவுமே இல்லை. கேட்கப்பட்ட கேள்வி முதல் இழையைப் பற்றியது. விடை தேடப்பட்டது இரண்டாம் இழையில். இப்படிச் சோடி சேர்ப்பது எவ்வளவு நுண்ணிய வேலை என்பதை நம் மொழியில் முயன்றாலே உணரலாம். ‘லெமன்’, ‘போன்’ என்று எடுத்துக்கொண்டால் எலுமிச்சையும் எலும்பும் உள்ளே கைகோத்துக்கொள்ளும். அப்படிப் பல சோடிகளைத் திரட்டி, ஆங்கிலத்தில் உறவின் சாயல்கூட இல்லாதபடி சலித்தெடுக்க வேண்டும்.

பங்கேற்றவர்களின் விடைகளில் ஒளிந்திருந்த எழுத்தின் தடயமே இல்லை. மறைந்த உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிலில் மாற்றமில்லை. அப்படி ஓர் உறவு இருப்பதையே அவர்கள் அறியவில்லை. ஆனால் தலையில் பொருத்திய மின்முனைகள் வேறு கதை சொல்லின. ஒரு சொல்லைக் கண்டு சுமார் 400 மில்லிநொடி கழித்து மூளையின் மின்னழுத்தம் எதிர்மறைப் பக்கமாகச் சரிந்து ஓர் அலையாக எழும். 1980இல் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் இனங்கண்ட ‘என்400’ அலை அது. அளவோ மைக்ரோவோல்ட் கணக்கில். வரும் சொல்லுக்கு முன்பே வழி திறந்திருந்தால் அலை தணியும். சொல் அந்நியமாக இருந்தால் உயரும். ‘டிரெயின்’ கண்ட பிறகு ‘ஹாம்’ வந்தபோது, ஒப்பிட வைத்த சோடிகளைவிட அந்த அலை தணிந்திருந்தது. விடையளித்த கைக்கும் தெரியாமல், அறிவுக்கும் தெரியாமல், சீனத்தின் தீ அங்கே ஒளிர்ந்து மறைந்திருக்கிறது.

தணிவுக்குக் காரணம் ஆங்கிலச் சொற்களிலேயே இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கும் இடம் ஒதுக்கியிருப்பது இந்த ஆய்வின் இன்னொரு அழகு. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்களுக்கு அதே சோடிகளைக் காட்டினார்கள். மறைந்த உறவு அவர்கள் அலையை அசைக்கவில்லை. சீனம் மட்டுமே அறிந்தவர்களுக்கு அதே சொற்களைச் சீனத்தில் காட்டினார்கள். எழுத்து திரும்ப வருவது அங்கே வெளிப்படை, அலையும் அதேபோல் தணிந்தது. ஆங்கிலச் சொற்களைக் காதால் கேட்கச் செய்தபோதும் இருமொழியாளரிடம் இதே கோலம்.

2010இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் மெல்லிய இழையைப் பிரித்தது. உள்ளே விழிப்பது எழுத்தின் வடிவமா, ஓசையா? சீனம் இதற்கென்றே படைத்தது போன்ற சொற்களைத் தந்தது. கணக்காளர் ‘குவாய்ஜி’, மாநாடு ‘ஹுயியி’. முதலெழுத்து ஒன்றே, ஓசை வேறு. அனுபவம் ‘ஜிங்யென்’, வியப்பு ‘ஜிங்யா’. ஓசை ஒன்றே, எழுத்து வேறு. ஆங்கிலத்தில் இச்சோடிகளைக் காட்டியபோது, ஓசை ஒன்றிய சோடிகளில் மட்டுமே முன்தூண்டல் தெரிந்தது. வடிவம் ஒன்றிய சோடிகளில் தெரியவில்லை. ஆங்கிலம் படிக்கையில் உள்ளே தாய்மொழி கேட்கிறது!

2012இல் அதே இருவர் உணர்ச்சிச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். இனிய சொற்களும் நடுநிலைச் சொற்களும் வழக்கம்போல் சீனத்தை எழுப்பின. துயரமும் தீமையும் சுட்டும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் எழுப்பவில்லை. எல்லாச் சொல்லுக்கும் ஒரே விசையில் இயங்கும் பொறியல்ல இது என்பதை அந்த விலக்கு எத்தனை மென்மையாகச் சொல்லிவிடுகிறது!

இந்த முடிவுகளுக்கு வேறு பொருள் காண்பவர்களும் உண்டு. ஆல்பர்ட் கோஸ்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் ஒரு மாற்று விளக்கம் வைத்தார்கள். சீனத்தின் வழியாக ஆங்கிலம் கற்ற காலத்திலேயே ‘டிரெயின்’, ‘ஹாம்’ என்ற ஆங்கிலச் சொற்களுக்கிடையே நேரடிப் பிணைப்பு உருவாகியிருக்கலாம். இன்று படிக்கும்போது சீனம் விழிக்காமலேயே அந்தப் பிணைப்பு அலையைத் தணிக்கலாம் என்றார்கள். தியரியின் தரப்பு மறுத்து எழுதியது. மாற்று விளக்கம் வைத்தவர்களும் அந்தச் சோடிகளைத் தள்ளவில்லை, அவற்றுக்குள்ளேயே ஆழ்ந்து இறங்கினார்கள் என்பதை நான் இந்தச் சோதனைக்குக் கிடைத்த பெருமையாகவே கொள்கிறேன்.

அந்த அலை இப்போதைய விழிப்பைக் காட்டுகிறதா, பழைய படிப்பின் தழும்பைக் காட்டுகிறதா என்பதில்தான் வழக்கு. இரண்டில் எது வென்றாலும், மொழிக்கொன்றாகச் சுவரெழுப்பிப் பிரித்த இரண்டு அகராதிகள் மனத்துக்குள் இருக்கின்றன என்ற பழைய சித்திரம் இனி நிற்காது. தாய்மொழியின் ஓசை, பிறகு கற்ற மொழியின் சொல்லடுக்கிலும் ஊடுருவியிருக்கிறது.