அந்த ஒரு செகண்ட் எங்கிருந்து வந்தது?

டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் கேபிள் அளவு தேர்வு செய்ய ஒரு எக்செல் ஷீட் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்று கட்டம்: கேபிள் தாங்கும் கரண்ட், வோல்டேஜ் டிராப், ஷார்ட் சர்க்யூட் தாங்குதிறன். மூன்றிலும் எது பெரிய அளவு கேட்கிறதோ அதைப் போடு, அவ்வளவுதான். முதல் இரண்டு கட்டங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவதில் "காலம் = 1 செகண்ட்" என்று யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள். என் விமர்சனம் அந்த ஒரு செல்லைப் பற்றித்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 500 கேவிஏ, 11 கேவி/433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 4.5%. முழு லோடு கரண்ட் 667 ஆம்பியர். அதை 0.045 ஆல் வகுத்தால், செகண்டரியில் மூன்று பேஸும் ஒட்டிக்கொள்ளும்போது ஓடும் கரண்ட் சுமார் 14.8 கிலோஆம்பியர். 11 கேவி பக்கத்து இம்பீடன்ஸைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், அதை விட்டுவிடுவோம்.

மெயின் பேனலுக்கு 20 மீட்டர் தூரம், 400 சதுர மி.மீ. அலுமினிய எக்ஸ்எல்பிஇ கேபிள் இரண்டு ஓட்டம். மண்ணுக்கடியில் பக்கத்துப் பக்கத்தில் போவதற்கான கழிவு போக, கரண்ட் கணக்குதான் இந்த அளவைக் கேட்கிறது. வோல்டேஜ் டிராப் ஓரிரு வோல்ட். தாங்குதிறனுக்கான சூத்திரம் இது:

```
I²t ≤ k²S²
```

அலுமினியம், எக்ஸ்எல்பிஇ, 90 டிகிரியிலிருந்து 250 டிகிரி வரை என்றால் k = 94. ஒரு செகண்டுக்கு 14.8 கிலோஆம்பியரைத் தாங்க 157 சதுர மி.மீ. போதும். நம்மிடம் 800 இருக்கிறது. அதனால மெயின் கேபிளில் அந்த 1 செகண்ட் சரியா தப்பா என்று யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை. பெரிய கேபிளுக்கு மட்டும் ஷீட்டைப் பயன்படுத்துபவர்கள் கண்ணில் இது படாததற்கு அதுதான் காரணம்.

இப்போ அதே பஸ்பாரிலிருந்து 80 மீட்டர் தள்ளி இருக்கிற பம்ப் ஹவுஸுக்கு 60 ஆம்பியர் லோடு. 25 சதுர மி.மீ. அலுமினியம் போட்டால் கரண்டுக்குப் போதும். சூடான நிலையில் டிராப் சுமார் 13 வோல்ட், அதாவது 3%. முதல் இரண்டு கட்டமும் பாஸ். மூன்றாவது கட்டம் 157-க்கு மேலே அடுத்த அளவான 185-ஐக் கேட்கிறது. 60 ஆம்பியருக்கு 185! பார்க்கிறவர் சிரிச்சிட்டு, "சின்ன கேபிளுக்கு இதெல்லாம் பார்க்க வேண்டாம்" என்று அந்தக் கட்டத்தையே அழித்துவிடுகிறார். ஷீட்டின் உண்மையான தீமை இதுதான். அபத்தமான விடை கொடுத்து, தேவையான சோதனையையே கைவிட வைக்கிறது.

காலம் என்பது கேபிளின் குணம் இல்லை. கேபிளுக்கு முன்னால் நிற்கிற பிரேக்கரின் குணம். 25 சதுர மி.மீ. கேபிள் 14.8 கிலோஆம்பியரை 0.025 செகண்ட் தாங்கும். கேபிள் தொடங்குகிற இடத்திலேயே 63 ஆம்பியர் ஹெச்ஆர்சி ஃபியூஸ் இருந்தால் கவலையே இல்லை. இவ்வளவு குறைந்த நேரத்தில் செகண்டைப் பார்க்காமல், ஃபியூஸ் உள்ளே விடுகிற I²t-ஐ நேரடியாக ஒப்பிட வேண்டும். கேபிள் தாங்குவது சுமார் 55 லட்சம் A²s. அந்த ஃபியூஸ் விடுவது ஒரு லட்சத்தைத் தாண்டாது.

ஆனால் பல இடத்தில் அந்த ஃபியூஸோ எம்சிசிபியோ பம்ப் ஹவுஸ் பேனலில், 80 மீட்டர் தள்ளி இருக்கும். அப்போ கேபிளைக் காப்பது மெயின் ஏசிபி மட்டும்தான். 800 ஆம்பியர் ஏசிபியில் 0.2 செகண்ட் டிலே வைத்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஃபால்ட் வந்ததும் நம் கேபிள் அதற்குள் எரிந்துவிடும். 0.2 செகண்டுக்கு 70 சதுர மி.மீ.யும் நூலிழையில் போதாது, 95 வேண்டும்.

கேபிளின் கடைசி முனையில் கதை தலைகீழ். கேபிளின் சொந்த ரெசிஸ்டன்ஸ் சேர்வதால் ஃபால்ட் கரண்ட் 2.5 கிலோஆம்பியராக இறங்கிவிடும். ஷார்ட் டைம் பிக்கப்பை 6 மடங்கில், அதாவது 4.8 கிலோஆம்பியரில் வைத்திருந்தால், ஏசிபி இதை வெறும் ஓவர்லோடு என்று நினைத்துப் பல செகண்ட் காத்திருக்கும். கேபிள் தாங்குவதோ 0.9 செகண்ட்தான். கரண்ட் குறைந்ததே ஆபத்தாகிவிட்டது.

அதனால் என் யோசனை சின்னது. அந்த 1 செகண்ட் செல்லை அழித்துவிட்டு இரண்டு கேள்வி எழுதுங்கள். இந்தக் கேபிளின் தலைமாட்டில் எந்த பிரேக்கர் இருக்கிறது? இரண்டு முனையிலும் வருகிற ஃபால்ட் கரண்டுக்கு அது எவ்வளவு நேரத்தில் திறக்கும்? பம்ப் ஹவுஸ் கேபிளுக்கு விடை பெரிய கேபிள் அல்ல. ஃபியூஸை 80 மீட்டர் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் 25 சதுர மி.மீ.யே போதும்.