பாசுரங்களை ரோமன் லிபியில் எழுதுதல்

தமிழெழுத்தறியாத அயல்நாட்டு ஸந்ததிக்கென்று திவ்யப்ரபந்தத்தை ரோமன் லிபியில் அச்சிட்ட பதிப்பொன்றில், ஒரே பக்கத்தில் Azhvar, Alwar, Āḻvār என மூன்று உருக்கள் காண்கின்றன. அத்திருநாமம் எப்படியும் விளங்கிவிடும். பாசுரச் சொற்கள் அப்படியல்ல. தாள் திருவடி, தாழ் என்பது பணிதல். குறியின்றி எழுதினால் இரண்டும் tal என்றே நிற்கும். மூலத்தில் பொருள் மயங்கியபின் வ்யாக்யானம் எதை விளக்கும்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி முறையில் ளகரம் ḷ, ழகரம் ḻ. ஓரெழுத்துக்கு ஓருருவே ஆதலால் மீளத் தமிழில் எழுதினாலும் பிழை நேராது.

ஆயினும் அங்கே கோவிந்தன் kōvintaṉ ஆகிறான். கண்டபடி படிக்கும் குழந்தை கோஷ்டியில் வலித்தே சொல்லும். மெல்லினத்தை அடுத்த வல்லினம் மெலிந்தொலிக்கும் என்று முகவுரையில் விதித்தால் தகரம் திருந்தும். மொழிமுதற் ககரத்துக்கு அவ்விதி உதவாது. கண்ணனில் வல்லோசை, கோவிந்தனில் மெல்லோசை.

இதற்கஞ்சி gōvindaṉ என்றே எழுதுவாருமுண்டு. செவிக்கு அது சரியே. ஆனால் குன்றும் கோவிந்தனும் ஓரடியில் மோனையாக வந்தால், kuṉṟu, gōvindaṉ என்ற எழுத்தில் அம்மோனை கண்ணுக்குத் தெரியாது. யாப்பை இழந்து ஓசையைக் காப்பது அடியேனுக்கு உடன்பாடன்று. பாசுரம் பேரகராதி முறையிலேயே இருக்கட்டும். வடசொல் வருமிடத்து ஓரத்தில் gōvinda என்று குறிக்கலாம்.

மணிப்ரவாள வ்யாக்யானத்தில் வடசொற்களை வடமொழி முறையிலேயே எழுதலாம். ஆனால் அம்முறையில் e என்பது எப்போதும் நெடில். தமிழுக்கோ அது எகரக் குறில். ஒரே நூலில் இரண்டும் கலப்பதால் veda என்னாது vēda என்றே அச்சிடவேண்டும்.