மீதி மூன்றை என்ன செய்வது?

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் வலக்கோடியில், ஒன்றுகளில் தொடங்கித்தான் பள்ளியில் போடுகிறோம். வகுத்தல் மட்டும் இடக்கோடியில், ஆகப் பெரிய இலக்கத்தில் முதலில் கைவைக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இதை ஒரு விதியாக ஏற்றுக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் நீள் வகுத்தலின் அழகு முழுவதும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. நூறுகளைப் பங்கிட்டு எஞ்சியதைப் பத்துகளாக உடைக்கலாம். பத்துகளில் எஞ்சியதை ஒன்றுகளாக உடைக்கலாம். பெரியதை உடைத்தால் சிறியது கிடைக்கும் என்பதால் கணக்கு இடமிருந்து வலமாகப் போகிறது.

827-ஐ 8-ஆல் வகுப்போம். பார்க்க எளிய கணக்குதான். ஆனால் இந்த வித்தையில் ரசிக்க வேண்டியவை எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

எட்டு நூறுகளை எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு நூறு. ஓரெட்டு எட்டு, நூறுகளில் எதுவும் எஞ்சவில்லை. அடுத்து இரண்டு பத்துகள். அவற்றை எட்டுப் பேருக்கு முழுப் பத்துகளாகக் கொடுக்க முடியாது. ஆகவே ஈவில் பத்துகளின் இடத்தில் 0. இந்த இரண்டு பத்துகளும் வீணாவதில்லை. இருபது ஒன்றுகளாக உடைந்து, ஏற்கெனவே இருக்கும் ஏழோடு சேர்ந்து இருபத்தேழு ஆகின்றன. ‘அடுத்த எண்ணைக் கீழே இறக்கு’ என்று வகுப்பில் சொல்கிறோமே, அந்த இறக்கலுக்குள் நடப்பது இதுதான். மூவெட்டு இருபத்துநான்கு, ஆளுக்கு மூன்று. ஈவு 103, மீதி 3.

நடுவில் இருக்கும் அந்த 0-ஐத்தான் குழந்தைகள் அதிகம் தவறவிடுவார்கள். ‘இரண்டில் எட்டு போகாது’ என்று சொல்லிவிட்டு, எதுவும் எழுதாமல் 7-ஐ இறக்கி, ஈவை 13 என்று முடிப்பார்கள். கழித்தலில் பிழை இருக்காது, வாய்ப்பாட்டிலும் இருக்காது, மீதிகூடச் சரியாக 3 என்றே வரும். அதனால் கணக்கின் வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் தவறு கண்ணில் படாது. அதைப் பிடிக்க வேறு வழி உண்டு. 800-ஐ எட்டால் வகுத்தாலே 100 வருமே, 827-க்குப் 13 எப்படி வரும் என்று கேட்டால் போதும்.

பழைய பழக்கத்தில் வகுபடும் எண்ணின் இருபுறமும் வளைகோடு போட்டு, இடப்பக்கம் வகுக்கும் எண்ணையும் வலப்பக்கம் ஈவையும் எழுதுவார்கள். ஈவைத் தலைக்கு மேல் எழுதும் முறைதான் எனக்குப் பிடிக்கும். அதில் ஒவ்வோர் இலக்கமும் தன் இடத்துக்கு நேர் மேலே அமர்கிறது. 2-க்கு மேலே இடம் காலியாக இருந்தால் கண்ணை உறுத்தும். பிழையை எழுதும்போதே காட்டிக்கொடுக்கும் அமைப்பு அது.

இப்போது மீதி 3. அது 8-ஐ விடச் சிறியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எட்டோ அதற்கு மேலோ எஞ்சினால் இன்னொரு சுற்றுக் கொடுக்கலாம் என்று பொருள். ஈவு குறைவாகப் போடப்பட்டிருக்கிறது. பிறகு 103 × 8 + 3 = 827 என்று சரிபார்த்துவிட்டால் கணக்கை இங்கேயே நிறுத்திவிடலாம். நிறுத்தாமல் அந்த மூன்றையும் பங்கிட வேண்டும் என்றால், எழும் கேள்வி ஒன்றே ஒன்று: ஒவ்வொன்றையும் எத்தனை துண்டாக உடைப்பது?

எட்டுப் பேர் இருப்பதால் எட்டுத் துண்டாக உடைப்பது முதல் வழி. மூன்றையும் எட்டெட்டாக உடைத்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஆளுக்கு ஒரு துண்டு வரும். மொத்தம் ஆளுக்கு மூன்று எட்டில் ஒன்றுகள், அதாவது 3/8. விடை 103 3/8. மீதி தொகுதியாகவும் வகுக்கும் எண் பகுதியாகவும் போய் உட்கார்கின்றன. பின்னத்தின் பெருமை இதில்தான்: எத்தனை பேரோ அத்தனை துண்டாகவே உடைப்பதால், எந்த எண்ணால் வகுத்தாலும் ஒரே வெட்டில் வேலை முடிகிறது.

நம் பழைய கணக்கு வழக்கம் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கிப் போகும். அதன் கண்ணால் இந்த மூன்றைப் பார்த்தால் இன்னும் சிக்கனமான பங்கீடு கிடைக்கிறது. மூன்று அப்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டைக் கால் காலாக வெட்டினால் எட்டுத் துண்டு. ஆளுக்கு ஒரு கால். மூன்றாவதை அரைக்கால் அரைக்காலாக வெட்டினால் மறுபடி எட்டுத் துண்டு; ஆளுக்கு ஓர் அரைக்கால். காலும் அரைக்காலும் சேர்ந்தால் அதே 3/8. எல்லா அப்பத்தையும் எட்டாக வெட்டினால் இருபத்துநான்கு துண்டு வந்திருக்கும். இங்கே பதினாறோடு முடிந்துவிடுகிறது.

பின்னமாக எழுதும்போது இன்னொன்றும் தெளிவாகிறது. மீதி எவ்வளவு பெரியது என்பதை மீதியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 14-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2. 21-ஐ 6-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 3. இரண்டாவதில் அதிகம் எஞ்சியது போலத் தோன்றும். ஆனால் 2/4-ம் பாதி, 3/6-ம் பாதி. இரண்டு கணக்கிலும் ஒருவர் பங்கு மூன்றரைதான்.

இரண்டாவது வழி, எத்தனை பேர் இருந்தாலும் பத்தாகவே உடைப்பது. இதுவும் புதிய வித்தை அல்ல. இரண்டு பத்துகளை இருபது ஒன்றுகளாக உடைத்தோமே, அதையே இப்போது ஒன்றுகளுக்குச் செய்கிறோம். மூன்று ஒன்றுகள் முப்பது பத்தில் ஒன்றுகள் ஆகின்றன. ஒன்றுகளின் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று காட்ட ஈவில் ஒரு புள்ளி வைக்கிறோம். மூவெட்டு இருபத்துநான்கு, மீதி ஆறு. அந்த ஆறு அறுபது நூறில் ஒன்றுகளாகிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு, மீதி நான்கு. அது நாற்பது ஆயிரத்தில் ஒன்றுகளாகிறது. ஐயெட்டு நாற்பது, மீதி இல்லை.

```
    103.375
    -------
8 ) 827.000
    8
    -------
     27
     24
    -------
      3 0
      2 4
    -------
        60
        56
    -------
         40
         40
    -------
          0
```

கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதினால் இது வலப்பக்கம் இறங்கும் படிக்கட்டாகத் தெரியும். புள்ளியைத் தாண்டும் இடத்தில் படியின் உயரமோ அகலமோ மாறுவதில்லை. வகு, பெருக்கு, கழி, இறக்கு என்ற அதே நான்கு செயல்கள்தான் தொடர்கின்றன. ஃபிளெமிஷ் கணிதரான சைமன் ஸ்டெவின் 1585-இல் வெளியிட்ட சிறு நூலின் கருத்தும் இதுவே: முழு எண்களுக்குத் தெரிந்த விதிகளைக் கொண்டே முழுமைக்குக் கீழே உள்ளதையும் கணக்கிடலாம். அவர் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்தோடும் வட்டத்துக்குள் ஓர் எண்ணை எழுதி அதன் இடத்தைக் குறித்தார். இன்று அந்த வேலையை ஒரே ஒரு புள்ளி செய்துவிடுகிறது.

அந்தப் புள்ளியைத் தவறாகப் புரிந்துகொண்டால் வருகிற பிழை ஒன்று உண்டு. ஈவு 103, மீதி 3. ஆகவே விடை 103.3 என்று எழுதிவிடுவது. புள்ளிக்குப் பின்னால் வரும் 3 என்பது பத்தில் மூன்று. இங்கே எஞ்சியதோ எட்டில் மூன்று. 0.3-ஐ 8-ஆல் பெருக்கினால் 2.4 தான் வருகிறது. எஞ்சிய 3 திரும்பி வரவில்லை. 0.375-ஐ 8-ஆல் பெருக்கினால் சரியாக 3 வரும். பத்தால் வகுக்கும்போது மட்டும் மீதியை அப்படியே புள்ளிக்குப் பின் வைக்கலாம். 827-ஐ 10-ஆல் வகுத்தால் மீதி 7, விடை 82.7. இந்தக் கணக்கைப் பார்த்த குழந்தை எல்லா எண்ணுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

எல்லா எண்ணும் எட்டைப் போல மூன்று சுற்றில் அடங்கிவிடாது. அதே 827-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 118, மீதி 1. பின்னமாக எழுதினால் 118 1/7. ஒரே வரியில் தீர்ந்தது. பத்துப் பத்தாக உடைக்கத் தொடங்கினால் 10-இல் ஒருமுறை, மீதி 3. 30-இல் நான்கு, மீதி 2. 20-இல் இரண்டு, மீதி 6. 60-இல் எட்டு, மீதி 4. 40-இல் ஐந்து, மீதி 5. 50-இல் ஏழு, மீதி 1. தொடங்கிய மீதிக்கே வந்துவிட்டோம். இனி வருவதெல்லாம் வந்தவையே: 118.142857142857… என்று 142857 திரும்பத் திரும்ப வரும்.

இங்கே ஈவை விட்டுவிட்டு மீதிகளின் வரிசையைப் பார்க்க வேண்டும்: 3, 2, 6, 4, 5, 1. மீதி 7-ஐ விடச் சிறியதாக இருக்க வேண்டும் என்ற விதிப்படி, சுழியத்தை விட்டால் ஆறே மீதிகளுக்குத்தான் வாய்ப்பு. ஆறும் தலைக்கு ஒருமுறை வந்துவிட்டன. ஏழாவதாக வர புதிய மீதி எதுவும் இல்லை. ஆகவே சுழற்சியிலிருந்து தப்ப முடியாது. மீதி 1-க்குப் பதில் 2-இல் தொடங்கியிருந்தாலும் இதே வட்டத்தில் வேறோர் இடத்தில் ஏறியிருப்போம். 285714 என்று வந்திருக்கும். எண்கள் அவையேதான், தொடங்கும் இடம்தான் வேறு. பிழை பார்ப்பதற்காகச் சொல்லித்தரும் ஒரு விதி, முடிவில்லாத எண் ஏன் சுழல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

பத்தாக உடைப்பது எட்டுக்கு முடிந்து ஏழுக்கு முடியாமல் போவது ஏன்? பத்து என்பது இரண்டையும் ஐந்தையும் பெருக்கினால் வரும் எண். ஒவ்வொரு முறை பத்தாக உடைக்கும்போதும் எட்டுக்குள் இருக்கும் மூன்று இரண்டுகளில் ஒன்று தீர்கிறது. அதனால் மூன்று சுற்று. ஏழுக்குள் இரண்டும் இல்லை, ஐந்தும் இல்லை. எத்தனை முறை உடைத்தாலும் ஏழு அசைவதில்லை.

ஆக, ஒரே 827 ÷ 8-க்கு மூன்று விடைகள் கையில் இருக்கின்றன. எதை எழுதுவது என்பதைப் பங்கிடும் பொருள்தான் முடிவு செய்ய வேண்டும். கோலிக்குண்டுகளை உடைக்க முடியாது. ஆளுக்கு 103, மீதி 3. வேனுக்கு எட்டுப் பேராக 827 பேர் சுற்றுலா போனால் 103 வேன் போதாது. எஞ்சிய மூன்று பேருக்காக இன்னொரு வேன் வேண்டும், விடை 104. 827 சென்டிமீட்டர் கயிறு என்றால் 103.375 பொருந்தும்.

827 ரூபாய் என்றால்? ஆளுக்கு 103.375 ரூபாய் என்பது 103 ரூபாயும் முப்பத்தேழரைப் பைசாவும். அரைப் பைசா கொடுக்க முடியாது. எல்லோருக்கும் 103.38 என்று போட்டால் நான்கு பைசா கூடிவிடும், 103.37 என்று போட்டால் நான்கு பைசா எஞ்சும். 82,700 பைசாவை எட்டால் வகுத்துப் பாருங்கள்: ஈவு 10,337, மீதி 4. எனவே நான்கு பேருக்கு 103.38, நான்கு பேருக்கு 103.37 என்று கொடுத்தால் 827 ரூபாய் மிச்சமில்லாமல் தீரும். பைசாவை உடைக்க முடியாது என்றானவுடன் தசமம் விலகிக்கொள்கிறது. கடைசி ஒரு பைசா யாருக்கெல்லாம் போக வேண்டும் என்ற கணக்கை மீதிதான் சொல்கிறது.